p-n சந்தியின் பட்டைப் படத்தை அளவுகோல் வைத்துப் படிப்பது எப்படி?

இளநிலை இயற்பியல் செய்முறைத் தேர்வில் ஒரே ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு p-n சந்தியின் ஆற்றல் பட்டைப் படத்தைத் தாளில் வரைந்து, "முன்னோக்குச் சார்பு கொடுத்தால் எந்தப் பக்கம் மேலே ஏறும்?" என்று கேட்டார். "வலப்பக்கம்" என்று உடனே சொன்னேன். நான் மனப்பாடம் செய்திருந்த படத்தில் n வலப்பக்கம் இருந்தது. அவர் அதை இடப்பக்கம் வைத்து வரைந்திருந்தார். அந்த ஒரு மாற்றத்தை என் மனப்பாடம் தாங்கவில்லை.

அதன் பிறகு தாளை வெட்டி, நகர்த்தி, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்ட முறையைக் கீழே எழுதுகிறேன். மூன்று படங்களை நினைவில் வைக்கத் தேவையில்லை. இரண்டு தாள் துண்டுகளும் ஓர் அளவுகோலும் இருந்தால், சார்பு இல்லாத நிலை, முன்னோக்கு, பின்னோக்கு மூன்றையும் நகர்த்தியே பார்த்துவிடலாம்.

1. மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத் தாள் இரண்டு, பென்சில், அளவுகோல், கத்தரிக்கோல். கடைசிப் படியில் சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒரு BC547 டிரான்சிஸ்டர், ஒரு 1N4148 டையோடு, 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் மின்தடைகள் ஒவ்வொன்று, ஒரு 9 வோல்ட் பேட்டரி. மல்டிமீட்டரை ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். முதல் அரை மணி நேரம் துண்டுகளைத் தயாரிப்பதற்கே போய்விடும். அதில் அவசரப்பட்டால் பிறகு எல்லா அளவும் தப்பும்.

கையில் இருக்க வேண்டிய தகவல்கள் நான்கு: பொருள், வெப்பநிலை, இரு பக்கங்களின் மாசூட்டல் அளவுகள். இவை இல்லாமல் யாராவது படத்தைக் கொடுத்தால், அதில் திசையைப் படிக்கலாம்; அளவைப் படிக்க முடியாது. நாம் எடுத்துக்கொள்ளும் சந்தி இது: சிலிக்கான், 300 கெல்வின், p பக்கத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ ஏற்பான் அணுக்கள், n பக்கத்தில் 10¹⁵ கொடையாளி அணுக்கள். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். மாசூட்டாத சிலிக்கானில் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10¹⁰ எலக்ட்ரான்களும் அதே அளவு துளைகளும் இருக்கும். பழைய நூல்களில் இது 1.5×10¹⁰ என்று இருக்கும். அந்த வேறுபாடு நம் தாளில் அரை மில்லிமீட்டர்தான் வரும் என்பதால் அதற்காகக் குழம்ப வேண்டாம்.

2. செங்குத்து அச்சில் இருப்பது எலக்ட்ரானின் ஆற்றல்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. படத்தின் உயரம் மின்னழுத்தம் அன்று. எலக்ட்ரானின் மின்னூட்டம் எதிர்க்குறி என்பதால் மின்னழுத்தம் கூடும் இடத்தில் எலக்ட்ரானின் ஆற்றல் குறையும். எனவே பேட்டரியின் நேர்முனை தொட்ட பக்கம் படத்தில் கீழே இறங்கும். எதிர்முனை தொட்ட பக்கம் மேலே ஏறும். அந்தத் தேர்வாளரின் கேள்விக்கு இந்த ஒரு வரி போதும். முன்னோக்குச் சார்பில் எதிர்முனை n பக்கம் இருக்கிறது, ஆகவே n ஏறும். அது இடப்பக்கமா வலப்பக்கமா என்பது வரைந்தவரின் விருப்பம்.

துளைகளுக்கு எல்லாம் தலைகீழ். எலக்ட்ரான் பள்ளம் நோக்கி உருளும். துளை, தண்ணீருக்குள் இருக்கும் காற்றுக்குமிழிபோல மேடு நோக்கி மிதக்கும். எலக்ட்ரானுக்கு ஏற்றமாக இருக்கும் அதே சரிவு எதிர்ப்பக்கமிருந்து வரும் துளைக்கு இறக்கமாகத் தெரியும். அது இறக்கம் அன்று, துளைக்கு அதுவும் தடைதான்.

எந்தப் பக்கம் p என்று படத்தில் எழுதாமல் விட்டிருந்தால் புள்ளிக்கோட்டைப் பாருங்கள். அதுதான் பெர்மி மட்டம். அது இணைதிறன் பட்டையின் மேல்விளிம்பை ஒட்டி இருந்தால் p, கடத்துப் பட்டையின் கீழ்விளிம்பை ஒட்டி இருந்தால் n. எந்தப் பட்டைப் படத்திலும் என் கண் முதலில் போக வேண்டிய இடம் இந்தப் புள்ளிக்கோடு என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அத்தனை நாள் ஆனது. பட்டைகள் புள்ளிக்கோட்டுக்கு ஏற்ப வந்து உட்காருபவை.

3. துண்டுகளைச் செய்தல்: 3 மில்லிமீட்டர் விதி

ஒரு சென்டிமீட்டருக்கு 0.2 எலக்ட்ரான் வோல்ட் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அறை வெப்பநிலையில் பெர்மி மட்டம் ஒரு பட்டை விளிம்பை நோக்கி 0.06 எலக்ட்ரான் வோல்ட் நெருங்கினால், அந்தப் பட்டையில் உள்ள மின்னூட்ட ஊர்திகளின் எண்ணிக்கை பத்து மடங்காகும். நம் தாளில் 0.06 என்பது சரியாக 3 மில்லிமீட்டர். அடுக்குக்குறிச் சார்பு, மடக்கை எதுவும் வேண்டாம். அளவுகோலில் மூன்று மூன்றாக எண்ணினால் போதும்.

இரண்டு துண்டுகளிலும் 56 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு கிடைக்கோடுகள் போடுங்கள். மேலே இருப்பது கடத்துப் பட்டையின் கீழ்விளிம்பு, Ec; கீழே இருப்பது இணைதிறன் பட்டையின் மேல்விளிம்பு, Ev. நடுவில், 28 மில்லிமீட்டரில், மெல்லிய நடுக்கோடு ஒன்று. மாசூட்டாத சிலிக்கானில் பெர்மி மட்டம் ஏறக்குறைய இங்கே இருக்கும். எலக்ட்ரான், துளை இரண்டும் 10¹⁰.

n துண்டில் எலக்ட்ரான்கள் 10¹⁵. 10¹⁰-இலிருந்து ஐந்து பத்து மடங்குகள், ஆகவே 15 மில்லிமீட்டர். நடுக்கோட்டுக்கு 15 மில்லிமீட்டர் மேலே புள்ளிக்கோடு போடுங்கள். p துண்டில் துளைகள் 10¹⁷, ஏழு பத்து மடங்குகள், 21 மில்லிமீட்டர். இது துளைக் கணக்கு என்பதால் நடுக்கோட்டுக்குக் கீழே வர வேண்டும். சரிபார்க்க: n துண்டில் புள்ளிக்கோடு Ec-க்கு 13 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும்; p துண்டில் Ev-க்கு 7 மில்லிமீட்டர் மேலே.

கிடை அச்சையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஒரு சென்டிமீட்டருக்கு கால் மைக்ரோமீட்டர் என்று வையுங்கள். சார்பு இல்லாதபோது இயக்கமில்லாப் பகுதியின் அகலம் இந்தச் சந்தியில் 0.97 மைக்ரோமீட்டர், இரு துண்டுகளுக்கு நடுவே சுமார் 3.9 சென்டிமீட்டர் விட வேண்டும். அதில் 99 விழுக்காடு n பக்கத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் அங்கே மாசூட்டல் நூறில் ஒரு பங்கு. இரு பக்கமும் சமமாக வளையும் அழகான S வளைவைப் போட்டுவிடாதீர்கள். n விளிம்பில் மட்டமாகத் தொடங்கி, சந்தியை நெருங்க நெருங்கச் செங்குத்தாகி, p பக்கம் நுழைந்த உடனே வளைவு முடிந்துவிடும்.

4. சார்பு இல்லாத நிலை: புள்ளிக்கோடுகளை ஒரே நேரில் வையுங்கள்

p துண்டை மேசையில் ஒட்டிவிடுங்கள். n துண்டை மேலும் கீழும் நகர்த்தி, இரு புள்ளிக்கோடுகளும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நிறுத்துங்கள். இப்போது இரு Ec கோடுகளுக்கும் இடையிலான உயரத்தை அளந்தால் 36 மில்லிமீட்டர் இருக்கும். 0.72 எலக்ட்ரான் வோல்ட். இதுதான் மின்னழுத்த அரண். சூத்திரத்தில் போட்டால் 0.716 வரும். நாம் எதையும் கணக்கிடவில்லை. புள்ளிக்கோடுகளை நேராக்கியதும் படி தானாக வந்து நின்றது.

"அப்படியானால் டையோடின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டர் வைத்தால் 0.72 காட்டுமா?" என்று எல்லோரும் ஒருமுறை கேட்பார்கள். நானும் வைத்துப் பார்த்தேன். பூச்சியம்தான் காட்டியது. வோல்ட்மீட்டர் படிப்பது பட்டைகளின் உயர வேறுபாட்டை அன்று, புள்ளிக்கோடுகளின் உயர வேறுபாட்டை. அவை ஒரே நேரில் இருக்கும்போது அது எப்படி எதையாவது காட்டும்? அடுத்த இரண்டு படிகளிலும் பேட்டரி நகர்த்துவது இந்தப் புள்ளிக்கோடுகளைத்தான்.

5. முன்னோக்குச் சார்பு 0.5 வோல்ட்: n துண்டு 25 மில்லிமீட்டர் மேலே

n துண்டை 25 மில்லிமீட்டர் மேலே தள்ளுங்கள். n-இன் புள்ளிக்கோடு p-இன் புள்ளிக்கோட்டுக்கு 25 மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. Ec படி 36-இலிருந்து 11 மில்லிமீட்டராகிவிட்டது. இயக்கமில்லாப் பகுதியும் 0.53 மைக்ரோமீட்டராகச் சுருங்குகிறது. துண்டுகளைச் சுமார் 2 சென்டிமீட்டர் இடைவெளிக்கு நெருக்கி வையுங்கள்.

அரண் மறையவில்லை என்பதைக் கவனியுங்கள். "முன்னோக்குச் சார்பில் அரண் நீங்கிவிடுகிறது" என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் பலர். நீங்கவில்லை, தாழ்ந்திருக்கிறது, அவ்வளவே. 25 மில்லிமீட்டரில் எட்டு மூன்றுகளும் கொஞ்சமும் இருக்கின்றன. ஆகவே ஏறிக் கடக்கக்கூடிய எலக்ட்ரான்கள் எட்டுப் பத்து மடங்குகளுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 20 கோடி மடங்கு கூடிவிட்டன. 11 மில்லிமீட்டர் ஏற்றம் இன்னும் இருந்தும் மின்னோட்டம் பாய்வது அதனால்தான்.

இனி இந்தப் படத்தின் மிகப் பயனுள்ள பகுதி. p-இன் புள்ளிக்கோட்டை அளவுகோல் வைத்து, இயக்கமில்லாப் பகுதியைக் கடந்து, n துண்டின் தொடக்க விளிம்பு வரை நீட்டுங்கள். இப்போது n விளிம்பில் இரண்டு புள்ளிக்கோடுகள் இருக்கின்றன. மேலே இருப்பது எலக்ட்ரான்களை எண்ணுவதற்கு, கீழே இருப்பது துளைகளை எண்ணுவதற்கு. நூல்கள் இவற்றைக் குவாசி பெர்மி மட்டங்கள் என்று அழைக்கின்றன. சமநிலை குலைந்த இடத்தில் ஒரே கோட்டால் இரு கூட்டத்தையும் எண்ண முடியாது. அதனால் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், வேறொன்றுமில்லை.

கீழ்க்கோடு நடுக்கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 10 மில்லிமீட்டர். மூன்று பத்து மடங்குகளும் மூன்றில் ஒரு பங்கும். 10¹⁰-ஐ அதனால் பெருக்கினால் சுமார் 2×10¹³. n பக்கத்து விளிம்பில் கன சென்டிமீட்டருக்கு இத்தனை துளைகள். சூத்திரம் 2.4×10¹³ என்கிறது. சார்பு இல்லாதபோது அதே இடத்தில் 10⁵ துளைகள்தான் இருந்தன. இந்த மிகைத் துளைகள் n பக்கத்துக்குள் விரவிச் சென்று, எலக்ட்ரான்களுடன் சேர்ந்து மறைகின்றன. அதற்கேற்ப, வளைவைத் தாண்டி உள்ளே போகப் போகக் கீழ்ப் புள்ளிக்கோடு சாய்ந்தேறி மேற்கோட்டுடன் சேர்ந்துவிடும். இரு கோடுகளையும் படத்தின் ஓரம் வரை இணையாக இழுத்துவிடுவது பரவலான பிழை. அப்படி இழுத்தால் துளைகள் எங்குமே மறையவில்லை என்று பொருள்.

ஓர் எல்லையும் உண்டு. n துண்டை 30 மில்லிமீட்டர் தூக்கினால், அதாவது 0.6 வோல்ட் கொடுத்தால், n விளிம்பில் துளைகள் 10¹⁵ ஆகி, அங்கே ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்களுக்குச் சமமாகிவிடும். சிறுபான்மை என்ற சொல்லே அப்போது பொருளிழக்கிறது. இந்தச் சந்தியில் 27 மில்லிமீட்டருக்கு மேல் துண்டைத் தூக்கி எதையும் படிக்காதீர்கள். 0.7 வோல்ட்டில் அரண் பூச்சியமாகிறது என்று தாளில் தெரிவது தாளின் குறைபாடு.

6. பின்னோக்குச் சார்பு 1 வோல்ட்: n துண்டு 50 மில்லிமீட்டர் கீழே

துண்டை முதலில் சார்பு இல்லாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். முன்னோக்கு நிலையிலிருந்தே 50 மில்லிமீட்டர் கீழே இழுத்து, அரை மணி நேரம் குழம்பியவன் நான். சார்பு இல்லாத நிலையிலிருந்து 50 மில்லிமீட்டர் கீழே இறக்குங்கள். Ec படி இப்போது 86 மில்லிமீட்டர், 1.72 எலக்ட்ரான் வோல்ட். இயக்கமில்லாப் பகுதி ஒன்றரை மைக்ரோமீட்டர். துண்டுகளுக்கிடையே 6 சென்டிமீட்டர்.

இங்கே கண் ஏமாறும். n-இன் கடத்துப் பட்டை, p-இன் இணைதிறன் பட்டைக்கு 30 மில்லிமீட்டர் கீழே போய்விட்டது. "இடைவெளியே இல்லாமல் போய்விட்டதே" என்று தோன்றும். இடைவெளியைச் செங்குத்தாக, ஒரே இடத்தில்தான் அளக்க வேண்டும். எந்த இடத்தில் அளந்தாலும் 56 மில்லிமீட்டர், வளைவுக்குள்ளும் அப்படியே. p-இன் Ev-இலிருந்து அதே உயரத்தில் கிடையாகப் போனால், வளைந்து இறங்கும் Ec-ஐச் சந்திக்க இரண்டரை சென்டிமீட்டர் போக வேண்டும், அதாவது 0.6 மைக்ரோமீட்டர். எலக்ட்ரான் ஊடுருவிக் கடக்க அந்தத் தூரம் சில நானோமீட்டராக இருக்க வேண்டும். இரு பக்கமும் கடுமையாக மாசூட்டிய செனர் டையோடில் வளைவு அவ்வளவு செங்குத்தாக இருக்கும். நம் சந்தியில் இல்லை.

அடுத்த பொறி: "சரிவு இவ்வளவு பெரிதாகிவிட்டதே, p பக்கத்து எலக்ட்ரான்கள் வேகமாக விழுமே, பின்னோக்கு மின்னோட்டம் ஏன் கூடவில்லை?" நிரம்பிய ஏரியின் கலிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கலிங்குக்கு அப்பால் பள்ளம் பத்தடியா நூறடியா என்பது வழிந்து வரும் நீரின் அளவைத் தீர்மானிப்பதில்லை. ஏரிக்கு எவ்வளவு நீர் வருகிறதோ அவ்வளவுதான் வழியும். p பக்கத்தில் எலக்ட்ரான் வரத்து எவ்வளவு? புள்ளிக்கோடு நடுக்கோட்டுக்கு 21 மில்லிமீட்டர் கீழே. ஏழு பத்து மடங்கு குறைத்தால் கன சென்டிமீட்டருக்கு 1000. n பக்கத்துத் துளைகள் 10⁵. இந்தச் சொற்ப வரத்துதான் பின்னோக்கு மின்னோட்டத்தின் அடிப்படை. எதிர்த்திசையில் ஏறி வர வேண்டிய பெரும்பான்மை ஊர்திகளோ 86 மில்லிமீட்டர் உயரத்தைப் பார்த்து நின்றுவிட்டன.

உண்மையான சிலிக்கான் டையோடில் பின்னோக்கு மின்னோட்டம் இந்தக் கணக்கைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். இயக்கமில்லாப் பகுதிக்குள்ளேயே வெப்பத்தால் எலக்ட்ரான், துளை இணைகள் பிறந்து, எலக்ட்ரான் n பக்கம் உருள, துளை p பக்கம் மிதக்கிறது. அந்தப் பகுதி 0.97-இலிருந்து 1.5 மைக்ரோமீட்டராக அகன்றால், பிறக்கும் இடமும் அகலும். அதனால்தான் பின்னோக்கு மின்னழுத்தத்தைக் கூட்டும்போது மின்னோட்டம் மாறாமல் நிற்காமல் மெல்ல ஏறுகிறது.

7. மல்டிமீட்டரில் 3 மில்லிமீட்டரைத் தேடுதல்

தாளில் n துண்டை 3 மில்லிமீட்டர் தூக்கினால் முன்னோக்கு மின்னோட்டம் பத்து மடங்காக வேண்டும். அதாவது மின்னோட்டத்தைப் பத்து மடங்காக்கினால் சந்தியின் மின்னழுத்தம் 60 மில்லிவோல்ட் மட்டும் கூட வேண்டும். BC547-இன் கலெக்டரையும் பேஸையும் சேர்த்துக் கட்டி, அதை 10 கிலோ ஓம் வழியாக பேட்டரியின் நேர்முனைக்கும், எமிட்டரை எதிர்முனைக்கும் இணையுங்கள். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, மின்தடையை 1 கிலோ ஓமாக மாற்றி மறுபடி குறியுங்கள். விரலால் டிரான்சிஸ்டரைப் பிடித்துக்கொண்டே அளக்காதீர்கள். சூடேறினால் அளவு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். இரு அளவுகளின் வேறுபாடு 60-ஐ ஒட்டி வரும்.

அதே சோதனையை 1N4148-இல் செய்தால் வேறுபாடு 100 மில்லிவோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். எனக்கு வந்தபோது மல்டிமீட்டரைக் குறை சொன்னேன். காரணத்தின் ஒரு பகுதி தாளிலேயே இருக்கிறது. முன்னோக்கு நிலைக்குத் துண்டை மறுபடி தூக்கி, இயக்கமில்லாப் பகுதிக்குள் நடுக்கோட்டையும் வளைத்து வரையுங்கள். ஓரிடத்தில் அது இரு புள்ளிக்கோடுகளுக்கும் சரிபாதியில், இரண்டிலிருந்தும் 12.5 மில்லிமீட்டர் தள்ளி ஓடும். அங்கே எலக்ட்ரானும் துளையும் 10¹⁴-க்கு மேல், சம எண்ணிக்கையில் நெருங்கி நிற்கின்றன. விரைவாக அணைய வேண்டும் என்பதற்காகத் தங்கம் கலந்து செய்யப்படும் இத்தகைய டையோடுகளில் அவை அந்த இடத்திலேயே ஒன்றுசேர்ந்து மறைந்துவிடும். அந்த எண்ணிக்கையைப் பத்து மடங்காக்க இரு புள்ளிக்கோடுகளும் நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கு 3 மில்லிமீட்டர் விலக வேண்டும். மொத்தம் 6 மில்லிமீட்டர், 120 மில்லிவோல்ட்.